முத்திரை விழுந்த காணிக் கடிதத்தை வாசித்த விதம்

கடிதம் 1974ஆம் ஆண்டினது. கிராம விஸ்தரிப்புத் திட்டத்தில் அரச காணி கேட்டு விண்ணப்பித்த ஒருவருக்கு, காணிக் கச்சேரியில் நீங்கள் தெரிவாகியிருக்கிறீர்கள், இன்ன துண்டு உங்களுக்கு, நிபந்தனைகள் இவை என்று அறிவிக்கும் ஒரு புல்ஸ்காப் தாள். ஆங்கிலம் அல்ல, தமிழ்த் தட்டெழுத்து. இன்று அவருடைய மகள், எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா, அந்தக் காணிக்கு அளிப்புப் பத்திரம் எடுக்க அலைகிறார். பிரதேச செயலகத்தில் கொடுக்கும்போது கடிதத்தோடு வாசிக்கக்கூடிய ஒரு பிரதியையும் வைத்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் முன்பு காணி வேலை பார்த்த எழுதுவினைஞர் என்பதால் தாள் என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அடிக்கும்போதே தேய்ந்த ரிபன் போட்டிருக்கிறார்கள். எழுத்துகள் பிறக்கும்போதே சாம்பல் நிறம். அதற்குப் பிறகு 1995 இடப்பெயர்வில் உறுதிகளோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் ஒரு பையில் போய், மழையில் நனைந்து, காய்ந்து, திரும்பி வந்திருக்கிறது. மேலே மூன்று முத்திரைகள். ஒன்று, கடிதம் போய்ச் சேர்ந்த இடத்தில் குத்திய நீள்வட்டப் பெறுகை முத்திரை. இரண்டாவது ஒரு வட்ட முத்திரை. மூன்றாவதுதான் எனக்கு எரிச்சல்: "உண்மைப் பிரதி" என்ற செவ்வக முத்திரை. போட்டோக் கொப்பியில் குத்த வேண்டியதை மூலத்தின் மேல், அதுவும் நிபந்தனைகள் இருக்கும் பந்திக்கு நடுவில், யாரோ ஒரு சமாதான நீதவான் குத்தியிருக்கிறார். மூன்றும் ஊதா மை. ஊதா முத்திரை மை தண்ணீரில் கரையும் சாயம். ஆகவே நனைந்தபோது முத்திரை ஓடிப் பரவியிருக்கிறது. ரிபனின் கறுப்பு காபன் துகள் என்பதால் ஓடவில்லை. இந்த வித்தியாசம் பிறகு உதவியது.

நல்லவேளையாக அக்கா தாளை லமினேற் பண்ணவில்லை. எங்கள் ஊரில் பழைய கடதாசி கையில் கிடைத்தால் முதலில் ஓடுவது லமினேற் கடைக்குத்தான். லமினேற் செய்த தாளில் நான் இனிச் சொல்லப்போகும் வேலைகளில் பாதி நடக்காது, பிளாஸ்டிக்கை எடுக்கப் போனால் எழுத்தும் அதோடு உரிந்து வரும்.

முதலில் செய்தது வாசிப்பதல்ல, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தது. தட்டெழுத்துப் பொறியின் அச்சு தாளை அடிக்கிறது, பின்பக்கம் மேடு விழுகிறது. முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் சில இடங்களில் ஊசிக்குத்துப் போலத் துளையே போட்டுவிடும். மேடு இருந்தால் அது மேல்தாள், அதாவது மூலம். காபன் பிரதி என்றால் மேடு மிகக் குறைவாக இருக்கும், எழுத்தின் ஓரம் பஞ்சு பஞ்சாக இருக்கும். இது மூலம். றப்பர் முத்திரை மெத்தென்று பதிவதால் அப்படி மேடு போடாது. ஆகவே முத்திரைக்கு அடியில் மை மறைந்தாலும் அடி மறையவில்லை என்று நம்பலாம், தாள் அந்த இடத்தில் கிழியாமலும் மடியாமலும் இருந்தால்.

பிறகு படம் எடுத்தேன். ஒன்று சாதாரண வெளிச்சத்தில்: யன்னலோரம், நேர் வெயில் படாமல், தொலைபேசியைத் தாளுக்கு நேர் மேலே சமாந்தரமாகப் பிடித்து. மற்றவை பக்கவாட்டு வெளிச்சத்தில்: அறையை இருட்டாக்கி, டோர்ச்சை மேசை மட்டத்தோடு படுக்க வைத்து, தாளின் நான்கு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம். வெளிச்சம் சரிந்து விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், மை இல்லாத எழுத்தின் வடிவமும் தெரிய வரும். ஒரே திசையில் மட்டும் எடுத்தால் போதாது. இடப்பக்க வெளிச்சம் செங்குத்துக் கோடுகளைக் காட்டும், கிடைக் கோடுகளை விழுங்கிவிடும். மேலிருந்து வரும் வெளிச்சம் அதற்கு எதிர். பின்பக்கத்தையும் அப்படியே எடுத்து, கணினியில் இடவலமாகத் திருப்பிப் பார்த்தேன். மேடு சில வேளை பள்ளத்தைவிடத் தெளிவாக இருக்கும்.

படங்களைக் கணினிக்கு மாற்றும்போது வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கும், சுருக்கும்போது முதலில் கெடுவது நிறத்தின் நுணுக்கம், எங்களுக்கு வேண்டியதே அந்த நிறம்தான். கோப்பாக அனுப்புங்கள், அல்லது வயரில் மாற்றுங்கள். தாளைக் கறுப்பு வெள்ளையாக்கித் தரும் ஸ்கான் செயலிகளையும் இதற்குப் பாவிக்கக் கூடாது. மெல்லிய கோட்டை வெள்ளை என்று முடிவெடுத்து அழித்துவிடும், ஊதாவையும் கறுப்பையும் ஒன்றாக்கிவிடும். போட்டோக் கொப்பியும் செய்வது இதையேதான்.

அடுத்தது நிறங்களைப் பிரிப்பது. இலவசமாகக் கிடைக்கும் GIMP என்ற மென்பொருளில் படத்தைத் திறந்து Colors → Components → Decompose என்று போய் RGB என்பதைத் தெரிவு செய்தால், படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சாம்பல் நிற அடுக்குகளாகப் பிரியும். ஊதா மை பச்சை வெளிச்சத்தை நன்றாக உறிஞ்சும், நீலத்தைப் பெரும்பாலும் திருப்பி விடும். ஆகவே பச்சை அடுக்கில் முத்திரை கரும்கறுப்பாக நிற்கும், நீல அடுக்கில் வெளிறிப் போகும். கறுப்பு ரிபன் எழுத்து மூன்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்கும்.

எல்லோரும் உடனே நீல அடுக்குக்குப் போவார்கள். நான் பச்சையில்தான் தொடங்குவேன். முத்திரையின் வாசகத்தையும் அதன் வளையக் கோடுகளையும் முதலில் முழுதாக வாசித்து, தனித் தாளில் வரைந்து கொள்வேன். எந்தக் கோடு முத்திரையுடையது என்று தெரிந்தால்தான் எது எழுத்துடையது என்று சொல்ல முடியும். முத்திரையின் ஒரு வளைவு தட்டெழுத்தின் மேல் விழுந்து ர-வை ரு ஆக்குவதும், 1-ஐ 7 ஆக்குவதும் சாதாரணம்.

நீல அடுக்கில் "உண்மைப் பிரதி" கிட்டத்தட்ட மறைந்து போனது. அதன் அடியில் இருந்த பந்தி பெரும்பாலும் வாசிக்கக் கூடியதாக வந்தது. ஆனால் நீலத்துக்கு ஒரு குறை உண்டு. பழுத்த தாள் மஞ்சள், மஞ்சள் நீல வெளிச்சத்தை உறிஞ்சும். தண்ணீர்க் கறை படிந்த இடங்களில் தாளே இருண்டு, மங்கிய எழுத்து அதில் அமிழ்ந்துவிட்டது. அந்த இடங்களில் சிவப்பு அடுக்கு கொஞ்சம் பரவாயில்லை. இத்தனைக்கும் பிறகு மூன்று இடங்கள் மிஞ்சின: காணியின் பெயர், ஒரு நிபந்தனைச் சொல், விஸ்தீரணத்தில் ஓர் இலக்கம். காணிக் கடிதத்தில் மனிதர்கள் தேடுவதே அவற்றைத்தான். மங்கல் என்றால் அது ஆள் பார்த்துத்தான் விழும் போல.

பெயரில் இருந்து தொடங்குகிறேன். வரியில் "ப" தெளிவு. பிறகு முத்திரை ஓடிய ஊதாக் குட்டை. அதற்குப் பிறகு "லட்டி". ஏதோ ஒரு கலட்டி என்பது யாழ்ப்பாணத்தானுக்கு உடனே விளங்கும். என்ன கலட்டி என்பதுதான் கேள்வி. ஒழுங்கைக்குள் கேட்டேன். ஒரு பெரியவர் "பனிச்சங்கலட்டி, வேற என்ன" என்றார். இன்னொருவர் பாலைக்கலட்டி என்றார். இரண்டு பேருக்கும் சந்தேகம் துளியும் இல்லை.

இங்கே தட்டெழுத்தின் ஒரு குணம் கைகொடுக்கும். கையெழுத்தைப் போல அது இடத்தைக் கூட்டிக் குறைப்பதில்லை. ஒவ்வொரு அடிக்கும் வண்டி ஒரே அளவு நகரும். ஆங்கில மெஷின்களில் பெரும்பாலும் அங்குலத்துக்கு 10 அல்லது 12 எழுத்து. தமிழ் மெஷினுக்கு அந்தக் கணக்கைப் பொருத்த வேண்டாம், அதே தாளில் தெளிவாக உள்ள ஒரு நீண்ட வரியை அளந்து, எத்தனை இடம் என்று எண்ணி வகுத்துக் கொள்ளலாம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்தத் தாளில் புள்ளியும் விசிறியும் தனி இடம் எடுக்கவில்லை. அவை நகரா விசைகள், அடித்தாலும் வண்டி நகராது. அதனால் "ட்" ஓர் இடம், "டி" ஓர் இடம். கொம்பும் காலும் அப்படியல்ல, தனித்தனி இடம் எடுக்கும். "கொ" என்றால் மூன்று இடம். உங்கள் தாளில் எது எப்படி என்று தெளிவான வரிகளில் சரிபார்த்த பிறகே எண்ணத் தொடங்குங்கள், மெஷினுக்கு மெஷின் வேறுபடலாம்.

ட்ரேசிங் தாளில் அந்த அளவுக்குக் கோடு கிழித்து வரியின் மேல் வைத்தேன். "ப"வுக்கும் "ல"வுக்கும் இடையில் மூன்று இடம். பனிச்சங்கலட்டி என்றால் னி, ச், ச, ங், க என்று ஐந்து இடம் வேண்டும். பாலைக்கலட்டிக்கும் கால், கொம்பு, ல, க், க என்று ஐந்து. இரண்டும் அந்த இடைவெளியில் கொள்ளாது. பனங்கலட்டி என்றால் ன, ங், க, சரியாக மூன்று. அக்காவுக்குச் சந்தோஷம். ஆனால் பழங்கலட்டிக்கும் மூன்றுதான். நாங்கள் கேள்விப்படாத வேறொரு பெயருக்கும் மூன்றாக இருக்கலாம். இட எண்ணிக்கை ஒரு சொல்லைத் தள்ளி வைக்கும், ஒரு சொல்லைத் தேர்ந்து கொடுக்காது. ஆகவே பிரதியில் நான் அடித்தது இப்படி:

ப[3 இடம்]லட்டி

அடிக்குறிப்பில்: "முத்திரை மை பரவியதால் வாசிக்க முடியவில்லை. கடைசி மறைந்த எழுத்து க ஆக இருக்கலாம். ஊரில் சொல்லப்படும் பனிச்சங்கலட்டி, பாலைக்கலட்டி இரண்டும் இந்த இடைவெளிக்கு நீளம். பனங்கலட்டி பொருந்தும், அதே நீளமுள்ள வேறு பெயர்களும் பொருந்தும்." வெறும் மூன்று புள்ளி வைத்து விடுவதைவிட இது பிறகு பார்ப்பவருக்குக் கூடுதலாக உதவும். எத்தனை இடம் என்று சொல்லாத புள்ளிகள் ஒரு எழுத்தா ஒரு வரியா என்றே காட்டுவதில்லை.

இரண்டாவது இடம் நிபந்தனை. வரி இப்படி வருகிறது: "இக்காணியை அரசாங்க அதிபரின் எழுத்துமூல அனுமதி", பிறகு வட்ட முத்திரையின் தடித்த விளிம்பு, பிறகு "விற்கவோ, ஈடு வைக்கவோ, குத்தகைக்கு". மறைந்தது மூன்று இடம். "அனுமதியின்றி" என்றால் யி, ன், றி. "அனுமதியுடன்" என்றால் யு, ட, ன். இரண்டுக்கும் மூன்று. எண்ணிக்கை இங்கே கைவிரித்துவிட்டது.

அடுத்த வரியைப் பார்த்தால் "விடவோ கூடாது" என்று தெளிவாக இருக்கிறது. கூடாது என்று முடியும் வசனத்தில் "அனுமதியுடன் விற்கவோ... கூடாது" என்று வராது. தவிர, 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைத் தகுந்த அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது என்பது காணி வேலை பார்த்த யாருக்கும் மனப்பாடம். ஆகவே "யின்றி" என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அடைப்புக்குறி போட்டேன்:

அனுமதி[யின்றி?] விற்கவோ, ஈடு வைக்கவோ, குத்தகைக்கு

குறிப்பில்: "எழுத்து தெரியவில்லை. அடுத்த வரியில் உள்ள 'கூடாது' என்ற முடிவைக் கொண்டு ஊகித்தது." அக்காவின் மகன் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, "அண்ணை, சந்தேகம் இல்லை எண்டு நீங்களே சொல்லுறியள், பிறகு ஏன் கேள்விக்குறி?" என்றான். நியாயமான கேள்விதான். சந்தேகம் இல்லாதது வசனத்தின் பொருளில். அடைப்புக்குறி சொல்வது தாளில் அந்த எழுத்தை நான் கண்டேனா என்பதை. காணவில்லை. தட்டெழுத்தாளர் தவறி "அனுமதியுடன்" என்றே அடித்திருந்தாலும் அடித்திருப்பார். அதே கடிதத்தில் "சேவையாளர்" என்பதைக் கொம்பை விட்டு "சேவயாளர்" என்று அடித்தவர்தான் அவர். அதையும் நான் திருத்தாமல் அப்படியே அடித்து, "மூலத்தில் இவ்வாறே" என்று குறித்திருக்கிறேன்.

மூன்றாவது இடத்தில்தான் வீட்டுக்குள் கொஞ்சம் சூடு கிளம்பியது. விஸ்தீரணம் என்ற வரி: ஏக்கர் 0, றூட் 1, பேர்ச் என்று எழுதி இரண்டு இலக்கம். இரண்டாவது இலக்கம் 0, தெளிவு. முதலாவதின் மேல் நீள்வட்ட முத்திரையின் விளிம்பு விழுந்திருக்கிறது, அதோடு தாள் மடிந்த கோடும் அதன் அடிப்பாகத்தில்தான் போகிறது.

ஏக்கர், றூட், பேர்ச் கணக்கில் ஒரு வசதி உண்டு. ஒரு ஏக்கருக்கு 4 றூட், ஒரு றூட்டுக்கு 40 பேர்ச். ஆகவே ஒழுங்காக எழுதிய அளவில் பேர்ச் 40-ஐத் தொடாது. இரண்டு இலக்கம் என்றால் முதல் இலக்கம் 1, 2, 3 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். பக்கவாட்டு வெளிச்சத்தில் மேலே வலப்பக்கம் வளையும் ஒரு கோடு தெரிகிறது, ஆகவே 1 அல்ல. அந்த வளைவுக்குக் கீழே இடப்பக்கம் வெறுமையாக இருப்பதும் தெரிகிறது, அதனால் 0, 6, 8, 9 எதுவும் அல்ல. கணக்கும் வடிவமும் ஒரே முடிவுக்கு வருகின்றன: 2 அல்லது 3.

யாழ்ப்பாணத்தில் 16 பரப்பு ஒரு ஏக்கர், அதாவது ஒரு பரப்பு 10 பேர்ச். 1 றூட் 20 பேர்ச் என்றால் 60 பேர்ச், ஆறு பரப்பு. 1 றூட் 30 பேர்ச் என்றால் ஏழு பரப்பு. ஒரு இலக்கத்தின் அடியில் ஒரு பரப்பு காணி கிடக்கிறது. அக்கா, "அப்பா எப்பவும் ஏழு பரப்பு எண்டுதான் சொல்லுவார், முப்பது எண்டே போடுங்கோ" என்றார். பக்கத்துக் காணிக்காரருக்கு அது ஆறு என்று நினைவு இருக்கக்கூடும் என்பதை நான் வாய் திறந்து சொல்லவில்லை.

இலக்கத்தை உறுதி செய்ய என்ன செய்யலாமோ செய்தேன். ஒரு மெஷினின் ஒவ்வொரு எழுத்தும் ஒரே உலோக அச்சு. அந்த அச்சு எங்கே தேய்ந்திருக்கிறதோ, எங்கே வளைந்திருக்கிறதோ, பக்கம் முழுவதும் அதே குறையோடுதான் பதியும். கடிதத்தின் திகதி 23 என்று தெளிவாக இருந்ததால் அதே மெஷினின் 2-ம் 3-ம் எனக்குக் கிடைத்தன. அவற்றை வெட்டி எடுத்து அதே அளவில் மங்கிய இலக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேல் வளைவு இரண்டுக்கும் ஒத்துப்போகிறது. 2-ஐயும் 3-ஐயும் பிரிப்பது அடிப்பாகம், 2-க்குத் தட்டையான அடி, 3-க்கு வளைவு. அந்த அடி இருந்த இடத்தில் மடிப்புக் கோட்டில் தாளின் நாரே போய்விட்டது. பின்பக்க மேடும் அங்கே உடைந்திருக்கிறது. இல்லாத இடத்தில் எந்த வெளிச்சமும் எதையும் காட்டாது.

இன்னொரு வேலையும் செய்தேன், இதை எல்லோருக்கும் சொல்வேன். என் மனைவியிடம் அந்த வரியின் படத்தை மட்டும் கொடுத்து, கதை எதுவும் சொல்லாமல், என்ன தெரிகிறது என்று எழுதித் தரச் சொன்னேன். அவர் எழுதியது: "2 போல, நிச்சயமில்லை." ஏழு பரப்பு என்று கேட்டுவிட்டுப் பார்த்த என் கண்ணுக்கு அது 3 ஆகத்தான் தெரிந்து கொண்டிருந்தது. இரண்டாவது ஆளிடம் "இது முப்பதுதானே?" என்று கேட்டால் அவரும் முப்பதைத்தான் காண்பார். கேட்காமல் காட்ட வேண்டும்.

பிரதியில் அந்தப் பகுதி கடைசியில் இப்படி வந்தது. வரி இலக்கம் மூலத்தின் வரியைக் குறிக்கிறது, மூலத்தில் வரி எங்கே உடைகிறதோ அங்கேதான் நானும் உடைத்தேன்:

```
 9  காணியின் பெயர்: ப[3 இடம்]லட்டி
10  துண்டு இலக்கம்: 47
11  விஸ்தீரணம்: ஏ. 0  றூ. 1  பே. [2 அல்லது 3]0
```

துண்டு இலக்கம் தெளிவாக இருந்தது பெரிய அதிர்ஷ்டம். நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்தில் துண்டுக்குத் துண்டு அளவு இருக்கும். பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டிலும் அனுமதிப்பத்திரத்துக்குரிய பதிவு இருக்க வேண்டும். அக்காவிடம், இந்த இலக்கத்துக்காக என்னோடு மல்லுக்கட்டாமல் வரைபடத்தின் பகுதியை எடுங்கோ என்று சொன்னேன். எடுத்தார். 47ஆம் துண்டு 1 றூட் 29.7 பேர்ச்.

உடனே மகன், "அப்ப முப்பது எண்டு அடிச்சுவிடுங்கோவன் அண்ணை" என்றான். நான் அடிக்கவில்லை. வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கடிதப் பிரதியில் 30 என்று போட்டால், பிறகு வாசிக்கும் உத்தியோகத்தர் கடிதமும் முப்பது சொல்கிறது, வரைபடமும் முப்பது சொல்கிறது, இரண்டு சாட்சி ஒத்துப்போகின்றன என்று நினைப்பார். உண்மையில் சாட்சி ஒன்றுதான். கடிதம் சொல்வது இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில் நிற்கிறது. ஆகவே வரியில் [2 அல்லது 3]0 அப்படியே நின்றது, குறிப்பில் மட்டும் "நில அளவை வரைபடத்தில் 47ஆம் துண்டு 1 றூட் 29.7 பேர்ச், இணைப்பைப் பார்க்கவும்" என்று சேர்த்தேன். அக்காவின் ஏழு பரப்புக்கு இதனால் ஒரு குறையும் வரவில்லை. கேள்வி கேட்பவருக்குக் காட்ட வரைபடம் கையில் இருக்கிறது.

முத்திரைகளின் வாசகத்தை இடையில் செருகாமல் பிரதியின் முடிவில் தனியாக எழுதினேன்: வடிவம், நிறம், எந்த வரிகளை மூடுகிறது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது. பெறுகை முத்திரையின் திகதியில் மாதம் தெரிந்தது, நாள் தெரியவில்லை, அதற்கும் அதே அடைப்புக்குறி. கையொப்பத்தை நான் வாசிக்கவே முயலவில்லை. "[கையொப்பம்]" என்று போட்டு, அதன் கீழ் தட்டெழுத்தில் உள்ள பதவியை மட்டும் எழுதினேன். கிறுக்கலை ஒரு பெயராக மாற்றினால் இல்லாத ஒருவரை அந்தக் கதிரையில் இருத்தியதாகப் போய்விடும்.

தலைப்பில் "வாசிப்புப் பிரதி" என்றுதான் போட்டேன். "உண்மைப் பிரதி" என்று போட எனக்கு அதிகாரம் இல்லை, அந்தச் சொல்லை இந்தத் தாள் ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்தும் இருக்கிறது. தலைப்புக்குக் கீழே குறிகளின் பொருளை மூன்று வரியில் எழுதினேன்: எண்ணோடு அடைப்பு என்றால் வாசிக்க முடியாத இடம், கேள்விக்குறியோடு அடைப்பு என்றால் ஊகம், "அல்லது" என்றால் இரண்டில் எது என்று சொல்ல முடியாதது. வேறு குறிகள் வேண்டியிருக்கவில்லை. கல்வெட்டுக்காரர்கள் எழுத்துக்கு அடியில் புள்ளி வைப்பது, இன்னும் பலவகை அடைப்புகள் போடுவது எல்லாம் அவர்கள் வேலைக்குப் பொருந்தும், காணிக் கந்தோரில் அதைப் பார்ப்பவர் அச்சுப் பிழை என்று நினைத்துக் கடந்துவிடுவார்.

பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தர் பிரதியை வாசித்தபோது நேராகப் போனது 11ஆம் வரிக்கு. மூலத்தைத் தூக்கி யன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார், தலையாட்டினார், பேரேட்டை எடுக்கச் சொன்னார். பேரேடு கிடைக்க இன்னும் நாள் ஆகும் என்று அக்காவைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வந்ததும் அதில் உள்ள அளவையும் குறிப்பில் சேர்ப்போம்.

காணியின் பெயர் மட்டும் இன்னும் முடியவில்லை. வரைபடத்துண்டில் பெயர் இல்லை. பனிச்சங்கலட்டிப் பெரியவர் என் ட்ரேசிங் தாளைப் பார்த்துவிட்டு, மெஷினில்தான் பிழை என்கிறார்.